“பரவாயில்லை” என்று சொல்லவேண்டியவர் யார்?

கண்டி மாநகரில், மணிக்கூட்டுக் கோபுரத்தை அடுத்துள்ள பஸ் தரிப்பிடத்திலே மாலை ஐந்து மணிக்கு நின்றறியாத வாசகர்கள் இப்பகுதியில் மிகச் சிலரே இருப்பர். கந்தோர் விட்டவர்களும், சந்தைப் பைகளைச் சுமந்தவர்களும், பாடசாலைப் பிள்ளைகளும் ஒரே படியில் ஏற முயலும் அவ்வேளையில், ஒருவர் காலை மற்றொருவர் மிதித்துவிடுவது சகஜம். மிதித்தவர் திரும்பிப் பார்க்கிறார். மிதிபட்டவர் தமிழராயின் “பரவாயில்லை” என்கிறார். சிங்களவராயின் “கமக் நே” என்கிறார். விஷயம் அத்துடன் முடிந்துவிடுகிறது.

இதனைச் சற்றே மாற்றிப் பார்ப்போம். மிதிபட்டவர் வாய் திறக்குமுன், மிதித்தவரே அவரைப் பார்த்து, “பரவாயில்லை, பரவாயில்லை” என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல் ஒன்றே, குரலிலும் கடுமை இல்லை. ஆயினும் அந்த பஸ்ஸிலே ஒரு சண்டை மூண்டுவிடும் என்பதில் ஐயமில்லை. எழுத்தெண்ணிப் பார்த்தால் அகராதியில் ஒரே பொருள். ஆளெண்ணிப் பார்த்தால் ஒன்று மன்னிப்பு, மற்றொன்று அவமதிப்பு.

“பரவாயில்லை” பிறப்பாலே தமிழ்ச் சொல் அன்று. “பர்வா” என்னும் பாரசீகச் சொல் கவலை, அக்கறை என்ற கருத்துடையது. அது இந்துஸ்தானி வழியாகத் தெற்கே வந்து, தெலுங்கிலே “பரவாலேது” என்றும், கன்னடத்திலே “பரவாகில்லா” என்றும், நம் மொழியிலே “பரவாயில்லை” என்றும் குடியேறிற்று. ஆகவே “எனக்கு அதைப் பற்றிய கவலை இல்லை” என்பதே அதன் அடிப்படைப் பொருள். இந்த ‘எனக்கு’ என்பது வெளியே சொல்லப்படுவதில்லை. ஆனால் சொல்லுக்குள் ஒளிந்தே கிடக்கிறது. கவலைப்பட உரிமையுள்ளவர் எவரோ, அவரே கவலை இல்லையென்று சொல்லவும் உரியவர். மிதித்தவன் சொல்லும்போது, “உன் கால் நோவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை” என்றாகிவிடுகிறது!

இந்த இலக்கணம் எமக்கு ஒரு சேலையால் விளங்கிற்று. சில ஆண்டுகளுக்கு முன் நாம் அம்பிட்டியாப் பக்கத்தில் குடியிருந்தோம். அடுத்த வீட்டிலே தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த ஆசிரியை ஒருவர் வசித்தார். ஒரு திருமணத்துக்குச் செல்வதற்காக எமது இல்லத்தாள் அவரிடமிருந்து ஒரு பட்டுச் சேலையை இரவல் வாங்கினாள். திருப்பிக் கொடுக்குமுன் மடிப்பு எடுப்போம் என்று இஸ்திரிக்கைப் பெட்டியை வைத்தபோது, சூடு மிஞ்சிப் போய், கரையோரத்தில் ஒரு பாக்களவு இடம் கருகிவிட்டது.

இருவருமாகச் சேலையை எடுத்துக்கொண்டு போனோம். ஆசிரியை அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தைப் பொறுக்கமாட்டாத நாம், “பரவாயில்லை ரீச்சர், இதைவிட நல்லதொன்று வாங்கித் தருகிறோம்” என்று சொல்லிவைத்தோம். அவர் உடனே நிமிர்ந்து, “பரவால்லங்க சார், விடுங்க. டீ குடிக்கிறீங்களா?” என்றார். எமது மனம் நிறைந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பியபின் இல்லத்தாள் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து.

“சீலை அவவின்ர. பரவாயில்லை எண்டு சொல்ல நீங்கள் ஆர்?”

அடுத்து வந்த நாட்களில் அவள் சொன்னதன் உண்மை தெரிந்தது. ஆசிரியை எம்மோடு முகம் கோணிப் பேசினாரல்லர். ஆனால் அதுவரை “அக்கா, வா, இருக்கியா?” என்று வேலியோரம் நின்று எமது இல்லத்தாளை அழைத்தவர், “வாங்க, இருக்கீங்களா?” என்று பேசத் தொடங்கினார். எங்கள் மொழியில் மரியாதை கூடுவது எப்போதும் நல்ல சகுனம் அன்று. நெருங்கிப் பழகியவர் திடீரென்று பன்மைக்கு மாறினால், உள்ளே எதுவோ அடைபட்டுவிட்டது என்பதே பொருள்.

ஆகவே பிறர் சொல்லும் “பரவாயில்லை”யில் மெய்யான மன்னிப்பு உண்டோ இல்லையோ என்று அறியச் சில குறிகள் உண்டு. மெய்யாகவே பொருட்படுத்தாதவர் சேதத்தைப் பற்றி மேலும் இரண்டு வார்த்தை பேசுவார், “எப்படிச் சுட்டது? பெட்டியில் சூட்டைக் குறைக்கவில்லையா?” என்று விசாரிப்பார், சிரிக்கவும் கூடும். மன்னியாதவரோ உடனே பேச்சை மாற்றுவார். தேநீர் தருவதும் அதில் ஒரு வகை. அந்தத் தேநீர் மிகவும் நன்றாகவே இருந்தது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. தவறு செய்தவருக்கு விடை கூறும்போது “பரவாயில்லை” என்பதும் “ஐயோ, அது ஒன்றுமில்லை” என்பதும் ஒன்றல்ல. முன்னையது, சேதம் நேர்ந்தது மெய், நான் பொறுத்துக்கொண்டேன் என்று அறிவிக்கிறது. பின்னையது, சேதமே நேரவில்லை என்று மறுத்துவிடுகிறது. காற்சட்டையில் இரண்டு துளி தேநீர் சிந்தியவருக்கு “ஒன்றுமில்லை” என்பது பண்பு. தாய் தந்த சேலையைச் சுட்டவருக்கு அப்படிச் சொன்னால் அது பொய் என்று இருவருக்கும் தெரியும். ஆம், அது காலஞ்சென்ற தாயார் கடைசித் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சேலை. எமக்கு அது பின்னரே தெரியவந்தது.

இனி “கவலைப்படாதே” என்பதை எடுத்துக்கொள்வோம். கவலைப்படு, துக்கப்படு, பயப்படு என்பவற்றிலுள்ள ‘படு’ நாமே முயன்று செய்யும் செயலைக் குறிப்பதன்று. நம்மேல் வந்து விழுவதை அனுபவித்தலைக் குறிப்பது. மழையிலே நனைந்து நிற்பவரை நோக்கி “நனையாதே” என்று கட்டளையிட்டால் எப்படியிருக்கும்? ஆயினும் நாம் அதையே நாள்தோறும் செய்கிறோம். யாழ்ப்பாணத்தார் “யோசிக்காதேங்கோ” என்பர். மலையகத்தார் “கவலப்படாதீங்க” என்பர். அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் நண்பர்கள், பொறுமை என்னும் அறபுச் சொல்லிலிருந்து வந்த “சபூர்” என்பதைக் கொண்டு “சபூர் செய்யுங்க” என்பர். எமக்கு இவற்றுள் கடைசியானதே சற்று நேர்மையாகத் தோன்றுகிறது. அது துயரை இல்லையென்று சொல்லவில்லை. தாங்கு என்று மட்டுமே கேட்கிறது.

ஒருமுறை ஒரு மருத்துவமனையின் பிள்ளைகள் விடுதியில் நாம் காத்திருந்தோம். தோட்டத்திலிருந்து வந்த ஒரு தாய், காய்ச்சற்காரக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாகவே இருந்தார். தாதி ஒருவர் கடந்து செல்கையில் அன்போடு அவர் தோளைத் தொட்டு, “பய வென்ன எப்பா” என்றார். பயப்பட வேண்டாம் என்பதே அதன் பொருள். தாய்க்கு அவ்வளவு சிங்களம் தெரியும். தாதி போனதும் அவர் எம் பக்கம் திரும்பி, “ஏங்க ஐயா, பயப்பட வேண்டிய நோவா இது?” என்று கேட்டார். அதுவரை அவர் பயந்திருக்கவில்லை! ஆறுதற் சொல், கேட்பவரிடம் இல்லாத துயரை இருப்பதாகக் கொண்டுவிட்டால், அத்துயரைக் கையோடு கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது. அதே தாதி, “மருந்து கொடுத்திருக்கிறது, இன்னும் ஒரு மணி நேரத்தில் மறுபடி காய்ச்சல் பார்ப்போம்” என்று சொல்லியிருப்பின், பயம் என்ற சொல்லுக்கே வேலை இருந்திராது. மொழி தெரியாத இடத்தில் நீண்ட வாக்கியம் பேசுவது கடினம் என்பதும் உண்மையே. குறுகிய ஆறுதல்கள் பல அப்படித்தான் பிறக்கின்றன.

இரு மொழிக்கும் பொதுவான ஒரு விந்தையையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நாம் இரங்கும்போது “பாவம்” என்கிறோம். சிங்களவர் “அனே, பவ்” என்கின்றனர். இரண்டு சொற்களுக்கும் தீவினை என்ற பொருளும் உண்டு, இரக்கம் என்ற பொருளும் உண்டு. இதுவும் ஆளைப் பொறுத்துக் குணம் மாறும் சொல்லே. அழும் சிறு குழந்தையைப் பார்த்து முகத்துக்கு நேரே “பாவம்” எனலாம். வேலை இழந்த குடும்பத் தலைவரைப் பார்த்து அவர் முன்னிலையில் அப்படிச் சொன்னால் அவர் தலை குனிந்துவிடும். பெரியவர்களைப் பற்றி அச்சொல்லை அவர்கள் இல்லாத இடத்தில் மட்டுமே சொல்லுகிறோம்.

மரண வீட்டிலோ இச்சொற்கள் எல்லாமே வாசலில் நின்றுவிடும். அங்கே “பரவாயில்லை” என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர் போலும். பெண்கள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பர். ஆண்கள் கையைப் பற்றுவர். விடைபெறும்போது “போய் வருகிறேன்” என்றுகூடச் சொல்வதில்லை.

அமெரிக்காவில் பர்டியூ சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்த பிராண்ட் பர்ல்சன் என்பவர் 1980களிலிருந்து ஆறுதற் பேச்சையே ஆராய்ந்தவர். துயரை மறுக்கும் பேச்சு, துயரிலிருந்து கவனத்தைத் திருப்பும் பேச்சு, துயரை ஒப்புக்கொண்டு அதைச் சொல்லவிடும் பேச்சு என்று அவர் தரம் பிரித்தார். கேட்டவர்கள் பெரும்பாலும் மூன்றாவதையே உதவியானது என்று மதித்தனர். “கவலைப்படாதே” முதலாவதில் அடங்கும். எமது “நல்லதொன்று வாங்கித் தருகிறோம்” இரண்டாவதில் அடங்கும் என்று நினைக்கிறோம்.

எமது இல்லத்தாள் பர்ல்சனைப் படித்தவள் அல்லள். நாலாம் நாள் மாலை அவள் தனியே அடுத்த வீட்டுக்குப் போனாள். நடந்ததை அவளே பின்னர் கூறினாள். புதுச் சேலை எதையும் கொண்டுபோகவில்லை. ஆசிரியையின் அருகில் அமர்ந்து, “ரீச்சர், அம்மா தந்த சீலை எண்டு இப்பத்தான் கேள்விப்பட்டன். அதை நான் சுட்டுப்போட்டன்” என்று மட்டும் சொன்னாளாம். “சுட்டுவிட்டது” என்னாமல் “நான் சுட்டுப்போட்டன்” என்றாள். ஆசிரியை அழுதார். தாயார் அச்சேலையை எந்தக் கடையில் எடுத்தார், எத்தனை மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார் என்றெல்லாம் நெடுநேரம் சொன்னார். பிறகு தாமே எழுந்து பெட்டியைத் திறந்து, சேலையை இடுப்பிலே சுற்றிப் பார்த்து, “விடுக்கா, மடிப்புல மறஞ்சிரும்” என்றார்.

அடுத்த தீபாவளியன்று அவர் அதையே உடுத்திக்கொண்டு, பலகாரத் தட்டோடு எங்கள் வாசலில் நின்று “அக்கா, இருக்கியா?” என்று கூப்பிட்டார். கருகிய இடம் எங்கே இருந்தது என்று நாம் தேடிப் பார்த்தோம், தெரியவில்லை.