ஒரு சொல், ஆறு நொடி, 144 ஃப்ரேம்

2004-இல் பிக்ஸார் வெளியிட்ட 'தி இன்கிரெடிபிள்ஸ்' படத்தில் ஒரு அலுவலகக் காட்சி வரும். சூப்பர் ஹீரோவாக இருந்த பாப், அதை மறைத்துக்கொண்டு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் குமாஸ்தா வேலை பார்க்கிறான். அவன் இடுப்பு உயரம்கூட இல்லாத மேலாளர் அவனை அழைத்து வறுத்தெடுக்கிறார். அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒருவனை யாரோ அடித்துப் பணம் பறிப்பது பாப்பின் கண்ணில் படுகிறது. ஓடிப்போய்க் காப்பாற்ற எழுகிறான். வெளியே போனால் வேலை போய்விடும் என்கிறார் மேலாளர். பாப் திரும்பி வருகிறான். "எனக்குக் கோபம் வருகிறது" என்று அவன் எங்கும் சொல்வதில்லை. அவன் கையை எடுத்த பிறகு கதவின் கைப்பிடி நசுங்கிக் கிடப்பதை மட்டும் காட்டுகிறார்கள். சொல்ல வேண்டியதை அந்த இரும்பு சொல்லிவிடுகிறது.

மனித நடிகர் நடிக்கும்போது இப்படிப்பட்ட சின்னச் சின்ன அசைவுகள் பல தாமாகவே வந்துவிடும். கார்ட்டூனில் எதுவும் தாமாக வராது. ஹாலிவுட் முறையில் முதலில் குரலைப் பதிவு செய்கிறார்கள். அந்த ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம் என்ற கணக்கில் அனிமேட்டர் உடலுக்கு அசைவு கொடுக்கிறார். வசனம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது; அதை அவரால் மாற்ற முடியாது. கண் எங்கே போகிறது, கை எப்போது நகர்கிறது, பேச்சுக்கு முன்னும் பின்னும் எவ்வளவு நேரம் சும்மா இருப்பது என்பதெல்லாம் அவர் கையில். நடிப்பு இருப்பதும் அங்கேதான்.

ஒரு சின்ன ஷாட்டை எடுத்துக்கொண்டு பார்ப்போம். இரவு. வேலை முடிந்து மகள் வீட்டுக்குள் வருகிறாள். அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே மூடி வைத்த ஒரே ஒரு தட்டு. "சாப்ட்டீங்களாப்பா?" என்கிறாள். "ம்... சாப்ட்டேம்மா" என்கிறார். உண்மையில் அவர் சாப்பிடவில்லை. இருப்பது ஒருவருக்குத்தான் போதும். ஷாட்டின் நீளம் ஆறு நொடி, அதாவது 144 ஃப்ரேம். மகளின் கேள்வி முதல் 36 ஃப்ரேமில் முடிகிறது. பிறகு 24 ஃப்ரேம் மௌனம். அடுத்த 24-இல் அப்பாவின் பதில். மீதி 60 ஃப்ரேமில் குரலே கிடையாது.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் என்ன செய்வார்கள்? "சாப்ட்டேம்மா" என்று சொல்லும்போதே அப்பா வயிற்றைத் தட்டிக்கொள்வார், தலையாட்டுவார், சிரிப்பார். வாய் சொன்னதையே உடம்பும் சொல்கிறது. பார்ப்பவர் அப்படியே நம்பிவிடுவார். அவர் பொய் சொல்கிறார் என்று தெரிய வேண்டுமானால், மகள் போன பிறகு "இருந்தது ஒரு தட்டுதான்" என்று அவரை முணுமுணுக்க வைக்க வேண்டியிருக்கும். கூடுதல் வசனம் நுழைவது இந்த வழியாகத்தான்.

இப்போது அந்த மௌனத்தைப் பயன்படுத்துவோம். கேள்வி முடிந்ததும் அப்பாவின் கண் மட்டும் தட்டுக்கு இறங்குகிறது. கண் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக இரண்டு மூன்று ஃப்ரேம் போதும். அங்கே அரை நொடி நிற்கிறது. பிறகு ஒரு இமைப்பு. எண்ணம் மாறும் இடத்தில் வைத்த இமைப்பு, அவர் ஏதோ முடிவு செய்துவிட்டார் என்று காட்டும். கண் உலர்ந்துவிடக் கூடாதே என்று இருபது ஃப்ரேமுக்கு ஒருமுறை வைத்த இமைப்பு எதையும் காட்டாது. இமைத்த பிறகு கண் மகளிடம் போகிறது, தலை அதைப் பின்தொடர்கிறது, அதன் பிறகுதான் பதில் வருகிறது. பேச்சில் அழுத்தம் விழும் இடத்துக்கு மூன்று நான்கு ஃப்ரேம் முன்பே தலையோ உடலோ அசைந்துவிட வேண்டும் என்பது பழைய டிஸ்னி கலைஞர்கள் காலத்திலிருந்து வரும் பாடம். எண்ணம் முதலில், உடல் அடுத்து, சொல் கடைசியில் என்ற வரிசை அதனால் கிடைக்கிறது. மூன்றும் ஒரே ஃப்ரேமில் நடந்தால் பொம்மை பேசுவது போலாகிவிடும்.

இந்த ஷாட்டில் ஒரே ஒரு கையசைவு வைக்கலாம். அப்பா இரண்டு விரலால் தட்டை மகள் பக்கம் நகர்த்துகிறார். எப்போது நகர்த்துவது? பதிலுக்கு முன்பே நகர்த்தினால், தட்டு அவளுக்கென்று எடுத்து வைத்தது என்றுதான் தோன்றும். பொய் வெளியே தெரியாது. சொல்லோடு சேர்த்து நகர்த்தினால் வெறும் உபசாரம். பதில் முடிந்து, மகள் ஏதும் பேசாமல் நிற்க, ஒரு நொடி கழித்து நகர்த்தினால், அவள் நம்பவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது, பேச்சை அத்துடன் முடிக்கப் பார்க்கிறார் என்று நமக்குப் புரிகிறது. அசைவு ஒன்றேதான். 30, 40 ஃப்ரேம் தள்ளி வைத்ததில் கதையே மாறிவிட்டது.

மௌனத்தில் ஒரு தொழில்நுட்பச் சிக்கலும் உண்டு. கையால் வரையும் படத்தில் ஒரே ஓவியத்தைச் சற்று நேரம் அசையாமல் நிறுத்தினாலும் கண் பொறுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டரில் செய்யும் 3டி உருவம் முழுக்க நின்றுவிட்டால், படம் சிக்கி நின்றுவிட்டதோ என்று தோன்றும். அதனால் 'மூவிங் ஹோல்ட்' என்று ஒன்று செய்வார்கள். போஸ் மாறாது, மூச்சுக்கு மார்பு லேசாக ஏறும், தோள் ஒரு இழை தணியும், விரல் நுனி தளரும். இதை அளவு மீறிச் செய்தால் தண்ணீரில் மிதப்பது போல உருவம் ஆடிக்கொண்டே இருக்கும். நிறுத்தம் நிறுத்தமாக இருக்காது.

கேட்பவரை மறந்துவிடுவதும் அடிக்கடி நடக்கும். அப்பா யோசிக்கும்போது மகள் சிலை போல நின்றால் காட்சி பாதி செத்துவிடும். அவளும் பையைக் கழற்றிக்கொண்டே நகர்ந்தால் பார்ப்பவரின் கண் இரண்டு பக்கமும் அலையும். தோளிலிருந்து பையை இறக்கிக்கொண்டிருந்தவள், பதிலைக் கேட்டதும் பாதியில் நிறுத்துவது போதும். அப்பாவின் அசைவு அடங்கிய பிறகுதான் அவள் அசைவு தொடங்க வேண்டும்.

அனிமேட்டர்கள் அலுத்துப்போன சில சைகைகள் உண்டு. சங்கடம் என்றால் பிடரியைச் சொறிவது, "நான்" என்றால் நெஞ்சைத் தொடுவது, "நீ" என்றால் விரல் நீட்டுவது. இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி அசைவதும் இந்த வகைதான். இவை தவறு என்பதல்ல; யாருக்கும் பொருந்துவதால் எவருக்கும் சொந்தமாகாது. இரண்டு விரலால் தட்டைத் தள்ளுவது இந்த அப்பாவுக்கு மட்டும் உரியது.

உடல்மொழியால் எல்லாமும் முடியாது. ஆளின் பெயர், நாளைக்கு ரயில் எத்தனை மணிக்கு, கடன் எவ்வளவு என்பதை வசனம்தான் சொல்ல வேண்டும். வீட்டில் வறுமை என்று பார்ப்பவருக்கு முந்தைய காட்சியிலேயே தெரிந்திருக்காவிட்டால், அந்தத் தட்டுப் பார்வையும் வீணாகிவிடும்.

ஒரு காட்சி தேறியதா என்று பார்க்க எளிய வழி உண்டு. முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் ஒருவருக்குக் காட்டுங்கள். இன்னொருவரை ஒலியை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். இருவரும் ஒரே கதையைச் சொன்னால் இரண்டில் ஒன்று வேண்டாதது. கேட்டவர் "அப்பா சாப்பிட்டுவிட்டார்" என்றும், பார்த்தவர் "அப்பா விட்டுக்கொடுத்துவிட்டார்" என்றும் சொன்னால், அந்த ஷாட்டுக்கு இனி ஒரு வரி வசனமும் தேவையில்லை.