பார்த்தவர் எத்தனை பேர், வாங்கியவர் எத்தனை பேர்?

நாக்பூரில் நம்மவர் வீடுகளில் சிறு தொழில் பெருகி வருகிறது. இட்லி மாவு, பொடி வகை, முறுக்கு, சேலை என்று பலரும் இன்ஸ்டாகிராம் வழியே விற்கிறார்கள். சொந்தப் பணத்தில் நடத்தும் வரை, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மகிழ்ந்து கொள்வதில் தவறில்லை. இன்னொருவர் முதல் போட்டிருந்தால் அவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கை எப்படிச் சொல்வது என்பதற்கு எங்கள் வீட்டு உதாரணத்தையே தருகிறேன்.

என் மருமகள் ஈர மாவு அரைத்து விற்கிறாள். மராட்டிய அன்பர் ஒருவர் இரண்டு லட்சம் போட்டுப் பங்குதாரராக இருக்கிறார். ஒரு மாத அறிக்கையில் 1,86,000 வியூஸ், 9,100 லைக், 6,400 ஃபாலோயர் என்று எழுதியிருந்தாள். அவர் மகிழ்ந்து போய், பெரிய டில்டிங் கிரைண்டர் வாங்க இன்னும் மூன்று லட்சம் தருவதாகச் சொல்லிவிட்டார். அவளுக்குத்தான் மனம் உறுத்தியது. "மாமா, எண்ணெல்லாம் நிஜம்தான். ஆனா கிரைண்டர் வாங்கற அளவுக்கு ஆர்டர் வரலையே" என்றாள். இருவரும் உட்கார்ந்து கணக்கைப் பிரித்தோம்.

ரயில்வேயில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நிறைய நிலக்கரி ஏற்றிய ஒரு பாக்ஸ்என் வேகன், அதன் வடிவமைப்புக் கணக்குப்படி 81.28 டன் இருக்கும். அதில் 22.47 டன் வேகனின் சொந்த எடை. எஞ்சின் இழுப்பது முழு எடையை. ரயில்வேக்குக் கூலி தருவது சரக்கின் எடை மட்டுமே. வியூஸ் என்பது அந்த முழு எடை. அதிலிருந்து வேகனின் எடையைக் கழிக்க வேண்டும்.

முதலில் வியூஸ் என்றால் என்ன என்று பார்ப்போம். 2024 ஆகஸ்டில் இன்ஸ்டாகிராம் நிறுவனம் எல்லா வகைப் பதிவுகளுக்கும் இதையே முதன்மை அளவாக அறிவித்தது. ஒரு ரீல் எத்தனை முறை ஓடியது என்பதே இந்த எண். ஒருவரே மூன்று முறை பார்த்தால் மூன்று. ஆட்களின் எண்ணிக்கைக்கு 'ரீச்' என்று தனிக் கணக்கு உண்டு. மருமகளுக்கு அந்த மாதம் ரீச் 98,000.

ரீச்சிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அந்த மாதத்துப் பன்னிரண்டு ரீல்களின் ரீச்சையும் கூட்டினால் 1,40,000 வருகிறது. ஒருவரே நான்கு ரீல்களைப் பார்த்திருந்தால் கூட்டலில் அவர் நான்கு பேராகி விடுகிறார். சீசன் டிக்கெட்காரர் மாதம் 25 நாள் போய் வந்தால் பயணம் ஐம்பது, ஆள் ஒருவர்தானே? எனவே தனித் தனி ரீச்சைக் கூட்டக் கூடாது. மாதம் முழுவதையும் தேர்ந்து, அதற்கென்று காட்டப்படும் ஒரே எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது ஊர். 1,86,000 வியூஸில் 1,41,000 ஒரே ரீலுக்கு வந்தவை. பொங்கல் வாரத்தில் போட்ட அந்தக் கல்தோசை ரீல் தமிழ்நாடு முழுவதும் சுற்றியிருக்கிறது. மதுரையில் பார்த்தவருக்கு நாக்பூரிலிருந்து ஈர மாவை எப்படி அனுப்புவது? வழியிலேயே புளித்துப் பொங்கிவிடும். பார்த்தவர்களின் ஊர் விவரத்தில் நாக்பூர் வெறும் 4 சதவீதம். அதாவது 98,000 பேரில் ஏறத்தாழ 3,900 பேர். வாங்கக் கூடியவர்கள் இவர்கள்தாம். இந்த வியாபாரத்துக்கு இதுதான் உண்மையான சரக்கு எடை.

இனி ஆர்டர். அந்த மாதம் முதல் முறையாக வாங்கியவர்கள் 74 பேர். ஒவ்வொருவரிடமும் "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?" என்று மருமகள் கேட்டு வாட்ஸ்அப்பில் குறித்து வைத்திருந்தது நல்லதாயிற்று. இன்ஸ்டாகிராம் என்றவர்கள் 31. பக்கத்து வீட்டார் சொன்னார்கள் என்றவர்கள் 26. கடைப் பலகை பார்த்தவர்கள் 8. நினைவில்லை என்றவர்கள் 9. இந்த ஒன்பது பேரையும் இன்ஸ்டாகிராம் கணக்கில் சேர்க்கக் கூடாது. "குறைந்தது 31, அதிகம் போனால் 40" என்று இரண்டு எல்லையையும் எழுதுவதே நேர்மை.

முதல் பாக்கெட் வாங்கியவர் வாடிக்கையாளர் ஆகிவிட மாட்டார். மறுபடி வாங்கினாரா என்று முப்பது நாள் பொறுத்துப் பார்த்தோம். 28-ஆம் தேதி வாங்கியவருக்கும் அதே முப்பது நாள் கொடுக்க வேண்டும். ஆகவே இந்த வரியை ஒரு மாதம் தாமதமாகத்தான் எழுத முடியும். இன்ஸ்டாகிராம் வழி வந்த 31 பேரில் திரும்ப வந்தவர்கள் 13. பக்கத்து வீட்டார் சொல்லி வந்த 26 பேரில் 19 பேர். எண்கள் சிறியவை, ஒரு மாதத்தை வைத்து முடிவு கட்டலாகாது. ஆனால் கவனிக்க வேண்டிய வித்தியாசம்.

கடைசியாகச் செலவு. விளம்பரத்துக்கு ரூ.2,400, படம் எடுத்துத் தரும் பையனுக்கு ரூ.3,800, ஆக ரூ.6,200. நிலைத்த 13 பேருக்கு வகுத்தால் ஆளுக்கு ரூ.477. அரிசி, உளுந்து, மின்சாரம், பை, கொண்டு கொடுக்கும் கூலி எல்லாம் போக ஒரு கிலோ பாக்கெட்டில் நிற்பது ரூ.25. எனவே ஒருவர் ஏறத்தாழ 19 பாக்கெட் வாங்கினால்தான் அவரைப் பிடித்த செலவு திரும்பும். வாரம் ஒன்று என்றால் நான்கு மாதத்துக்கு மேல். திரும்பி வராத 18 பேர் வாங்கிய முதல் பாக்கெட்டுகளின் லாபம் ரூ.450 இருக்கிறது, அதைக் கழித்தாலும் ஒரு பாக்கெட்தான் குறையும்.

இவ்வளவையும் ஒரே தாளில் எழுதினோம். முதல் வரி நாக்பூரில் பார்த்தவர்கள். பிறகு முதல் ஆர்டர், திரும்ப வந்தவர்கள், ஆளுக்கான செலவு, நாளொன்றுக்கு விற்ற கிலோ. ஒவ்வொன்றுக்கும் எதிரே முந்தைய இரண்டு மாதக் கணக்கு. பொங்கல் ரீலைத் தனியாகப் பிரித்து, "மறுபடி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்" என்று குறித்தோம். மொத்த வியூஸை மறைக்கவில்லை. அது கடைசி வரிக்குப் போயிற்று. மறைத்தால், பின்னால் அவரே செல்பேசியில் பார்த்துவிட்டு "இதை ஏன் சொல்லவில்லை?" என்று கேட்பார்.

தாளைப் படித்ததும் அவர் முகம் சற்று வாடியது. "அப்படியானால் இன்ஸ்டாகிராமே வீணா?" என்றார். "இல்லை. செலவு திரும்புகிறது, மெதுவாகத் திரும்புகிறது. இப்போதுள்ள கிரைண்டர் நாளைக்கு 45 கிலோ அரைக்கும். நாம் விற்பது 28. தட்டுப்பாடு கிரைண்டரில் இல்லை" என்று மருமகள் நிதானமாகச் சொன்னாள்.

மூன்று லட்சம் வேண்டாம் என்று முடிவாயிற்று. இன்னொரு குளிர்சாதனப் பெட்டியும், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாதிரி பாக்கெட் கொடுக்கும் செலவுமாக நாற்பதாயிரம் மட்டும் போட்டார். இனி ரீல்கள் மராட்டியிலும் இந்தியிலும், ஊர்ப் பெயரோடு வரும். தொடர்ந்து இரண்டு மாதம் தினசரி விற்பனை 40 கிலோவைத் தாண்டினால் கிரைண்டர் பேச்சை மீண்டும் எடுப்பது என்று தாளின் அடியிலேயே எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள்.

பொடி, முறுக்கு விற்பவர்களுக்கு ஊர்க் கணக்கு மாறும். கூரியரில் போகும் பொருளுக்கு மதுரைக்காரரும் வாடிக்கையாளரே. ஆனால் நம் பொருள் போய்ச் சேரக் கூடிய ஊரில் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை பேர் திரும்ப வந்தார்கள், அதற்கு ஆன செலவு என்ன என்ற நான்கு கேள்விகள் எல்லாருக்கும் பொது. பங்குதாரர் கேட்கும் முன்பே இவற்றுக்குப் பதில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.