பிளந்த இழையும் பழைய வேட்டியும்

மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்ட வேலை ஆற்காடு சாலையில் தொடங்கியதிலிருந்து, கோடம்பாக்கத்து வீடுகளுக்குத் தூசியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காலையில் துடைத்த டிவித் திரையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். பழைய வேட்டியைக் கிழித்த துணியால் அதை உலர்வாகத் துடைத்தால் கொஞ்சம் துணியில் ஒட்டும். மீதி எழும்பிப் பறந்து, வேறு இடம் பார்த்து உட்காரும். அதே தூசியை மைக்ரோஃபைபர் துணி பிடித்து வைத்துக்கொள்கிறது. இத்தனைக்கும் அது தண்ணீரையே உள்ளே இழுக்காத பாலியஸ்டர்.

பருத்தி இழை தண்ணீரைத் தன் உடம்புக்குள்ளேயே ஏற்று உப்பிக்கொள்ளும். அதனால்தான் தலை துவட்ட அதைவிட நல்ல துணி கிடையாது. ஆனால் தூசித் துகளின் கண்ணுக்கு அது தடித்த, மழுங்கிய பொருள். அதன் அகலம் பெரும்பாலும் 12 முதல் 20 மைக்ரான்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஐந்து மைக்ரான் தூசி ஒன்று அந்த இழையில் மோதினால், ஒட்டுவதற்கு இடம் குறைவு, உருண்டு போவதற்கு இடம் அதிகம்.

மைக்ரோஃபைபரின் வித்தை மெல்லிய இழை என்பதோடு முடிவதில்லை. நல்ல துணியில் அந்த இழை பிளக்கப்பட்டும் இருக்கும். ஆலையில் பாலியஸ்டரையும் நைலானையும் உருக்கி, ஒரே துளை வழியாகச் சேர்த்து ஒற்றை இழையாக இழுக்கிறார்கள். அந்த இழையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் சாத்துக்குடியை வெட்டியதுபோல் இருக்கும்: ஒரு சுளை பாலியஸ்டர், அடுத்த சுளை நைலான், இப்படிப் பதினாறு. துணியாகப் பின்னிய பிறகு, சூடான காஸ்டிக் சோடா கரைசலில் அதை ஓட்டுவார்கள். பாலியஸ்டரின் மேற்பரப்பு கொஞ்சம் அரிக்கப்படும். இரண்டும் இயல்பிலேயே ஒட்டாத பிளாஸ்டிக்குகள் என்பதால் சுளைகள் பிரிந்துவிடும்.

பிரிவதால் என்ன லாபம் என்று ஒரு கணக்குப் போடலாம். இழையின் விட்டம் 16 மைக்ரான் என்று வையுங்கள். முழு இழையின் சுற்றளவு சுமார் 50 மைக்ரான். பதினாறு சுளைகளாகப் பிரிந்தால், ஒவ்வொரு வெட்டிலும் எட்டு மைக்ரான் நீளமுள்ள இரண்டு புதுப் பக்கங்கள் வெளியே வரும். மொத்தம் 256 மைக்ரான் கூடுதல். ஆக 50 இருந்த இடத்தில் 306. எடை ஒரு கிராம்கூடக் கூடாமல் தொடும் பரப்பு ஆறு மடங்கு. நிஜத்தில் எல்லாச் சுளையும் முழுசாகப் பிரியாது. இருந்தாலும் லாபம் பெரியதுதான்.

பரப்பைவிட முக்கியமானது வடிவம். சுளை என்றால் ஆப்பு, ஆப்பு என்றால் கூரான விளிம்பு. அது தூசியின் அடியில் நுழைந்து கிளப்பும். இரண்டு ஆப்புகளின் நடுவே உள்ள சின்ன இடுக்கு அதை வாங்கிக்கொள்ளும். அவ்வளவு நெருக்கத்தில் வந்த துகளை மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பே விடாமல் பிடித்துக்கொள்ளும். உலர்ந்த துணியைத் தேய்க்கும்போது பிறக்கும் நிலை மின்சாரமும் கொஞ்சம் கை கொடுக்கும், ஆனால் நம்மூர்ப் புழுக்கத்தில் அதை ரொம்ப நம்ப வேண்டாம். தண்ணீரையும் இதே இடுக்குகள்தான் உறிஞ்சுகின்றன. இடுக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு வலுவாக அது நீரை இழுக்கும். கைரேகை எண்ணெய் பாலியஸ்டரில் ஒட்டும் என்பதால், கண்ணாடி துடைக்கத் தனியாகத் திரவம்கூடத் தேவைப்படாது.

சிக்னலில் கார் ஜன்னலுக்கு வெளியே நீட்டப்படும் வண்ணத் துணிகள் எல்லாம் பிளந்தவை அல்ல. நைலானே இல்லாத, பிளக்காத பாலியஸ்டரும் அதே பெயரில் விற்கிறது. பிளந்த துணியின் சீட்டில் பெரும்பாலும் 80 பங்கு பாலியஸ்டர், 20 பங்கு நைலான் என்று இருக்கும். நைலானைப் பாலிஅமைடு என்றும் போடுவார்கள். சீட்டை நம்பாதவர்கள் உலர்ந்த உள்ளங்கையில் துணியை மெல்ல இழுத்துப் பார்க்கலாம். பிளந்தது தோலின் சொரசொரப்பில் மாட்டி மாட்டி வரும். பிளக்காதது வழுக்கும். இன்னும் சந்தேகமா? கிரானைட் மேடையில் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றித் துணியை ஓட்டுங்கள். நல்ல துணி போகிற போக்கில் குடித்துவிடும். போலி, தண்ணீரைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போகும்.

இந்தத் தண்ணீர்ச் சோதனையில் ஆறு மாதத்துக்கு முன் தேறிய துணி இப்போது தோற்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வாஷிங் மெஷினில் ஊற்றும் சாஃப்டனரை. துண்டுக்கும் பெட்ஷீட்டுக்கும் ஊற்றும்போது அதே சுற்றில் இந்தத் துணியும் கிடந்திருக்கும். சாஃப்டனரில் இருப்பது ஒருவகைக் கொழுப்பு மூலக்கூறு. அதன் தலையில் நேர்மின்னேற்றம், வாலில் நீண்ட கொழுப்புச் சங்கிலி. தண்ணீரில் நனைந்த இழையின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டிருக்கும் என்பதால் தலை அதில் ஒட்டிக்கொள்ளும், வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இழையோடு இழை உரசாமல் வழுக்குவதைத்தான் நாம் மென்மை என்கிறோம்.

பருத்தித் துண்டு இதைத் தாங்கும். உறிஞ்சும் வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். மைக்ரோஃபைபருக்கோ பிழைப்பே போய்விடும். கூரான விளிம்புகள் கொழுப்பில் மழுங்கும், இடுக்கின் சுவர்கள் தண்ணீரை ஏற்க மறுக்கும், நிலை மின்சாரம் சேராது. மின்சாரம் சேராமல் தடுப்பதற்கும் சேர்த்துத்தானே சாஃப்டனரே விற்கப்படுகிறது. போதாக்குறைக்கு, துடைக்கும்போது அந்தக் கொழுப்பு கண்ணாடிக்கு இடம் மாறி, கோடு கோடாகத் தெரியும்.

துணியைத் தூக்கிப் போட வேண்டாம். மெஷினில் அறுபது டிகிரி வைத்து, சாதாரண டிடர்ஜென்ட் மட்டும் போட்டு, இரண்டு மூன்று தடவை துவைத்தால் பெரும்பாலும் மீளும். டிடர்ஜென்ட்டின் மூலக்கூறு எதிர்மின்னேற்றம் கொண்டது; சாஃப்டனர் மூலக்கூறோடு இணைந்து அதைப் பெயர்த்தெடுக்கும். சாஃப்டனர் ஊற்றும் பெட்டியை முதலில் கழுவுங்கள், ஒரு அலசல் கூட்டி வையுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் பழைய வகைச் சோப்புக் கட்டியைத் தேய்ப்பதும் கெடுதல்: கால்சியத்தோடு சேர்ந்து அது பிசுபிசுத்த படிவாகி அதே இடுக்கில் அமரும். புது டர்க்கித் துண்டோடு சேர்த்துப் போட்டால் அதன் பஞ்சு முழுவதும் இதில் மாட்டிக்கொள்ளும். பிளீச்சிங் பவுடர் நைலானை அரிக்கும். இஸ்திரி வண்டிக்கு அனுப்பினால் ஆப்பு உருவிழந்து ஒட்டிப்போகும்.

பிடித்ததை விடாத குணத்துக்கு மறுபக்கமும் உண்டு. மெரினா மணல் ஒன்று இடுக்கில் மாட்டினால், அடுத்த துடைப்பில் அது உப்புத்தாள். வடபழனிப் பக்கம் படப்பிடிப்புக் கேமராக்களைக் கையாளும் உதவியாளர்கள் லென்ஸில் முதலில் துணி வைப்பதில்லை. ரப்பர் ஊதியால் மணலைப் பறக்கவிட்டு, தூரிகையால் தட்டி, பிறகுதான் துணி. தரை துடைத்த துணி, எத்தனை தடவை துவைத்தாலும் மூக்குக் கண்ணாடிக்குப் போகக் கூடாது.

அடுப்படியில் பருத்தியை யாரும் அசைக்க முடியாது. அடுப்புத் தீ பட்டால் மைக்ரோஃபைபர் உருகிக் கையில் ஒட்டும், கொதிக்கும் குக்கரை இறக்கக் கரித்துணிதான். மெக்கானிக் கடைகளிலும் அப்படியே. கிரீஸ் அப்பிய எஞ்சினுக்கு, திருப்பூரிலிருந்து மூட்டையாக வந்து கிலோ கணக்கில் விற்கும் பனியன் வேஸ்ட்தான் சரி. பின்னல் துணி என்பதால் எண்ணெய் குடிக்கும், அழுக்கானால் கணக்குப் பார்க்காமல் வீசலாம். மைக்ரோஃபைபரை அப்படி வீசுவது வீண்செலவு; மக்காத பிளாஸ்டிக்கும் ஆயிற்றே.