ஒழுகியது ஒரு பாட்டில், கெட்டது ஆறு பொருள்

ஆன்லைனில் மாதச் சாமான் வாங்கும் வீடுகளில் அடிக்கடி நடப்பது இது. பெட்டியைத் திறந்ததும் ஃப்ளோர் கிளீனர் வாசனை மூக்கில் ஏறுகிறது. பாட்டிலில் பாதிதான் மிச்சம். மீதி, பக்கத்தில் இருந்த கோதுமை மாவு, புத்தகம், குழந்தையின் உடுப்பு எல்லாவற்றிலும் ஊறியிருக்கிறது. வீட்டுக்காரர் ஆப்பைத் திறந்து பாட்டிலுக்குப் புகார் போடுகிறார். இரண்டு நாளில் பாட்டிலின் விலை திரும்ப வருகிறது. புகார் முடிந்ததாகச் செய்தியும் வருகிறது. மற்ற பொருட்களின் நஷ்டம் வீட்டோடு போகிறது.

இதற்குக் காரணம் விற்பனை ஆப்களின் அமைப்பு. அவை ஒவ்வொரு பொருளையும் தனித்தனி விற்பனையாகத்தான் பார்க்கின்றன. பாட்டிலுக்கு ஒரு பட்டன், மாவுக்கு ஒரு பட்டன், புத்தகத்துக்கு ஒரு பட்டன். மாவுக்கான பட்டனை அழுத்தினால் ‘இந்தப் பொருளைத் திருப்பித் தர முடியாது’ என்று வரும். புத்தகத்தை ‘பழுது’ என்று குறித்தால், வாடிக்கையாளரே தண்ணீர் பட வைத்ததாகச் சந்தேகம் எழும். பாட்டில் ஒழுகியதால்தான் இவை கெட்டன என்பதைச் சொல்ல அந்தப் படிவத்தில் இடம் இருக்காது. ஆகவே இழப்பீடு கேட்பவரின் முதல் வேலை, எல்லாப் பொருட்களையும் ஒரே சம்பவமாகச் சேர்த்துக் காட்டுவது. அதற்கு உதவுவது பெட்டியின் மேல் ஒட்டிய லேபிளில் உள்ள ட்ராக்கிங் எண். ஆர்டர் எண்கள் இரண்டாக இருக்கலாம், விற்பனையாளர்கள் மூவராக இருக்கலாம், பில்களும் தனித்தனியாக வரலாம். பெட்டி ஒன்றென்றால் அதன் ட்ராக்கிங் எண்ணும் ஒன்றுதான்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். மதுரையில் ஒரு குடும்பம் ஏழு பொருட்களை வாங்குகிறது. ஒரு லிட்டர் ஃப்ளோர் கிளீனர் 199 ரூபாய், ஐந்து கிலோ கோதுமை மாவு 290, ஒரு கிலோ துவரம் பருப்பு 180, பள்ளிப் பாட கைடு 420, குழந்தைக்குப் பருத்திச் சட்டை 549, ட்ரிம்மர் 1,299, எவர்சில்வர் டிபன் பாக்ஸ் 350. எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் வருகின்றன. அடிப்பக்கம் ஈரம்.

பெட்டி ஈரமாக இருப்பது வாசலிலேயே தெரிந்தால், வாங்காமல் திருப்பி அனுப்பலாம். முழு ஆர்டரும் திரும்பிப் போவதால் பொருள் பொருளாக வாதாட வேண்டியிருக்காது. திருப்பி அனுப்பும் முன் ஈரப் பெட்டியையும் லேபிளையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓடிபி கேட்கும் ஆர்டராக இருந்தால், எண்ணைச் சொல்வதற்கு முன்பே பெட்டியைப் பார்த்துவிட வேண்டும். எண்ணைச் சொல்லிவிட்டால் பொருள் ஒப்படைக்கப்பட்டதாகவே பதிவாகும். வாங்கிக்கொள்வதென்று முடிவு செய்தால், டெலிவரி ஊழியர் நிற்கும்போதே ஈரப் பெட்டியைப் படம் பிடித்து, அன்றே ஆப்பில் செய்தி அனுப்பிவிடுவது நல்லது.

திறக்கும் முன் பெட்டியின் ஆறு பக்கங்களையும் படம் எடுக்க வேண்டும். ஒரு படத்தில் லேபிள் தெளிவாகப் படிக்கும்படி இருக்க வேண்டும். பிறகு டேப்பை வெட்டுவதிலிருந்து நிறுத்தாமல் வீடியோ. இந்த வீடியோ கட்டாயம் என்று நுகர்வோர் சட்டம் சொல்லவில்லை. ஆனால் கஸ்டமர் கேர் முதலில் கேட்பது இதைத்தான். திறந்ததும் பொருட்களை உடனே வெளியே எடுக்கக் கூடாது. எது எதன் மேல் இருந்தது, ஈரம் எங்கிருந்து எங்கே பரவியது என்பது தெரிய, உள்ளிருக்கும் நிலையிலேயே ஒரு படம் தேவை. அதன் பிறகு எல்லாவற்றையும் ஒரு பழைய துணியில் பரப்பி ஒரு படம், கடைசியில் ஒவ்வொன்றையும் தனியாக.

அடுத்து பாட்டிலைப் பார்க்க வேண்டும். திருகு மூடி, வண்டியின் அதிர்வில் மெல்ல மெல்லத் தளரும். பாட்டிலைப் படுக்க வைத்து அடுக்கியிருந்தால் ஒழுக்கு நிற்காது. மூடிக்குக் கீழே ஒட்டியிருக்கும் அலுமினியத் தாள் ஒரு ஓரத்தில் பிரிந்திருந்தால், ஆலையில் சரியாக ஒட்டவில்லை என்று ஊகிக்கலாம். தாள் முழுதாக இருந்து பாட்டிலின் அடியில் விரிசல் இருந்தால், கனமான பொருள் அழுத்தியிருக்கக்கூடும். தவறு ஆலையுடையதா, பேக் செய்தவருடையதா என்று வாங்கியவர் நிரூபிக்க வேண்டியதில்லை. அவருடைய கைக்கு வருவதற்கு முன்பே ஒழுகியது என்பது தெரிந்தால் போதும். மூடியைத் திருகிப் பார்க்காமல் இருந்த நிலையிலேயே படம் எடுத்து, சமையலறைத் தராசில் பாட்டிலை வைத்து எடையையும் படம் பிடித்தால், எவ்வளவு கொட்டியது என்பதற்கும் சான்று கிடைத்துவிடும்.

சில சமயம் பெட்டிக்குள் திரவப் பொருளே இருக்காது; ஆனாலும் எல்லாம் நனைந்திருக்கும். அப்போது அட்டையைக் கவனிக்க வேண்டும். கறை வெளிப்பக்கம் பெரிதாகவும் உள்பக்கம் சிறிதாகவும் இருந்தால், கூரியர் வண்டியில் வேறு யாருடைய பார்சலோ ஒழுகியிருக்கலாம். ஆன்லைனில் வாங்கியவர் அப்போதும் கூரியரைத் தேடி அலைய வேண்டியதில்லை. நல்ல நிலையில் கொண்டு சேர்ப்பது விற்றவரின் பொறுப்பு. சொந்தக்காரர் கூரியரில் அனுப்பிய பார்சலென்றால் கதை வேறு. பதிவு செய்த ரசீது அனுப்பியவரிடம்தான் இருக்கும். ஆகவே புகாரையும் அவரே தொடங்குவது எளிது. எண்ணெய், ஊறுகாய் போன்றவற்றுக்குப் பொறுப்பில்லை என்று பல கூரியர் ரசீதுகளின் பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். அனுப்பும் முன்பே அதைப் படித்துவிட வேண்டும்.

மதுரை வீட்டுக்குத் திரும்புவோம். எதற்கெல்லாம் கேட்கலாம்? மாவுப் பையில் காற்று வெளியேற நுண்ணிய துளைகள் இருக்கும். அதன் வழியே கிளீனர் உள்ளே போயிருக்கலாம். வெளியே துடைத்துவிட்டுச் சப்பாத்தி சுடக் கூடாது. பருப்புப் பாக்கெட்டுக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். கைடின் பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. சட்டையில் கறை. ட்ரிம்மரின் சார்ஜ் துளையில் ஈரம். அதை ஆன் செய்து பார்க்கவே கூடாது. உள்ளே பழுதானால், ‘ஈரத்தோடு நீங்கள் இயக்கியதால் கெட்டது’ என்ற பதில் வரும். டிபன் பாக்ஸ் கழுவினால் சரியாகிவிடும். அதைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. கெடாத ஒரு பொருளைச் சேர்த்தால், கெட்ட ஆறு பொருட்களின் மீதும் சந்தேகம் விழும். ஆக, கேட்க வேண்டிய தொகை 2,937 ரூபாய். எம்ஆர்பியைக் கணக்கில் எடுக்காமல், தள்ளுபடி போகக் கட்டிய விலையைத்தான் போட வேண்டும்.

கொட்டியது பிளீச் அல்லது கழிப்பறை ஆசிட் என்றால் கையுறை போட்டுக்கொண்டு, படம் எடுத்த கையோடு எல்லாவற்றையும் காற்றோட்டமான இடத்துக்கு மாற்ற வேண்டும். இரண்டும் கலந்தால் நச்சுவாயு வரும். மற்றபடி புகார் முடியும்வரை சட்டையைத் துவைப்பது, மாவைக் கொட்டுவது, பெட்டியைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடுவது எதுவும் வேண்டாம்.

ஆப்பில் ஆறு பொருளுக்கும் தனித்தனியாக ‘சேதமாகி வந்தது’ என்று பதிவு செய்துவிட்டு, அதே நாளில் ஒரே மின்னஞ்சலில் எல்லாவற்றையும் சேர்த்து எழுத வேண்டும். வாசகம் இப்படி இருக்கலாம்:

“இந்த ட்ராக்கிங் எண் கொண்ட ஒரே பெட்டியில் ஏழு பொருட்கள் வந்தன. உள்ளே இருந்த ஃப்ளோர் கிளீனர் ஒழுகியதால் கீழ்க்கண்ட ஆறு பொருட்கள் பயன்படுத்த முடியாதபடி கெட்டுவிட்டன. இது ஒரே சம்பவம். ஆறுக்கும் சேர்த்து 2,937 ரூபாயைத் திருப்பித் தரவும். ஒரு பொருளுக்கு மட்டும் பணம் தந்து புகாரை முடித்தால் அதை ஏற்க இயலாது. படங்கள், வீடியோ, பில்கள் இணைப்பில்.”

கடைசிக்கு முந்தைய வரியை விட்டுவிடக் கூடாது. 199 ரூபாய் வந்ததும் புகார் தானாக முடிந்துவிட்டால், மீதி 2,738 ரூபாய் பாக்கி என்று அன்றே பதில் எழுத இந்த வரி கைகொடுக்கும். பொருட்களை எடுத்துப்போக ஆள் வந்து, ‘ஈரமாக இருக்கிறது, எடுக்க முடியாது’ என்று சொன்னால், அதையும் சாட்டில் எழுத்தாக வாங்கிக்கொள்ள வேண்டும். எடுத்துப்போனால், ஒப்படைத்ததற்குப் படமும் ரசீதும் தேவை.

‘மாவுக்கு ரிட்டர்ன் கிடையாது’ என்ற பதிலுக்கு அஞ்ச வேண்டாம். பிடிக்காமல் திருப்பித் தருவது வேறு, கெட்டு வந்ததைத் திருப்பித் தருவது வேறு. 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் தளத்தில் காட்ட வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும்; ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். கஸ்டமர் கேர் கைவிரித்தால் அதே மின்னஞ்சலை இவருக்கு அனுப்பலாம்.

மூன்று விற்பனையாளர்களின் பொருட்கள் ஒரே பெட்டியில் வந்திருந்தால், ஒவ்வொருவரும் ‘என் பொருள் ஒழுகவில்லை’ என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டது யார் என்ற கேள்வி மிஞ்சுகிறது. பொதுவாக, அந்த விற்பனைத் தளத்தின் கிடங்கில்தான் இப்படிச் சேர்த்துக் கட்டுவார்கள். அதனால் புகாரில் பில்லில் உள்ள விற்பனையாளர்களோடு தளத்தின் பெயரையும் சேர்க்க வேண்டும். எல்லாப் பில்களிலும் அந்த ஒரே ட்ராக்கிங் எண்ணை எழுதி வைத்தால் தொடர்பு விளங்கும்.

அதிலும் பலன் இல்லையென்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பணம் தரும்படி உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அந்த அதிகாரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு உண்டு. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிறுவனத்தின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு தொடுக்கலாம். கட்டிய விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, இணையம் வழியாகவும் மனு கொடுக்கலாம். பொருட்களின் விலையோடு, பட்ட சிரமத்துக்கும் செலவுக்கும் இழப்பீடு கேட்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.