ரெண்டு நாள் லீவுக்கு எத்தனை ரூபாய்?

பக்கத்து வீட்டுப் பெண் 2025 ஜூலை மாதச் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் அலுவலகத்தில் வேலை. சம்பளம் 20,800 ரூபாய், வாரத்தில் ஆறு நாள், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். அக்காவின் பிரசவத்துக்காக 12ஆம் தேதி சனிக்கிழமையும் 14ஆம் தேதி திங்கட்கிழமையும் லீவு போட்டிருந்தாள். கையில் லீவு மிச்சமில்லாததால் அது எல்.ஓ.பி., அதாவது சம்பளமில்லா விடுப்பு.

"ரெண்டு நாளுதானுங்கண்ணா லீவு போட்டேன். 2,400 ரூவா புடிச்சிருக்காங்க. கேட்டா, கணக்கு சரிதாங்கறாங்க."

சம்பளப் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால் சீட்டைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. கூட்டல் கழித்தலில் பிசகில்லை. நாளை எண்ணிய விதத்தில்தான் பிசகு.

ஒரு நாள் சம்பளம் என்பது மாதச் சம்பளத்தை ஏதோ ஒரு எண்ணால் வகுத்து வருவது. அந்த எண் எது என்பதில் நம் ஊரில் மூன்று வழக்கங்கள் உண்டு. மாதத்தின் மொத்த நாட்களால் வகுப்பது ஒன்று. எந்த மாதமானாலும் 30ஆல் வகுப்பது இன்னொன்று. மூன்றாவது 26ஆல் வகுப்பது. ஆலைகளிலும் கடைகளிலும் இந்த 26தான் அதிகம் புழங்குகிறது. வருடத்துக்கு 365 நாள், அதில் 52 ஞாயிறு போனால் 313. அதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பங்கிட்டால் 26க்குச் சற்று மேலே வரும். பணிக்கொடைச் சட்டமும் மாதச் சம்பளத்தை 26ஆல் வகுக்கத்தான் சொல்கிறது.

அவள் கம்பெனியும் 26 தான். 20,800ஐ 26ஆல் வகுத்தால் நாளுக்கு 800 ரூபாய். இரண்டு நாளுக்கு 1,600 பிடித்திருந்தால் பேச்சே இல்லை. ஆனால் சனியும் திங்களும் வராததால் நடுவில் இருந்த ஞாயிறையும் லீவாக எண்ணி, மூன்று நாளாக்கி, 2,400 பிடித்துவிட்டார்கள். 'சாண்ட்விச் லீவு' என்பார்கள் இதை.

தவறு எங்கே என்று பாருங்கள். 26ஆல் வகுத்தபோதே ஞாயிறுகளை எல்லாம் வெளியே எடுத்துவிட்டோம். அதனால்தான் ஒரு நாளின் மதிப்பு 800க்கு ஏறியது. ஞாயிறுக்கும் சேர்த்து, ஜூலையின் 31 நாளால் வகுத்திருந்தால் ஒரு நாள் 670 ரூபாய் 97 காசுதான். வகுக்கும்போது ஞாயிறு கணக்கில் கிடையாது என்றும், பிடிக்கும்போது உண்டு என்றும் சொன்னால் ஒரே ஞாயிறுக்கு இரண்டு தடவை பிடித்ததாகிறது. கோட்டுக்குக் கீழே எந்த மாதிரி நாளை வைத்தோமோ, மேலேயும் அதே மாதிரி நாளைத்தான் வைக்க வேண்டும்.

உங்கள் அலுவலகக் கணக்கு இதில் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. மாதம் முழுக்க வேலைக்கு வராத ஒருவருக்கு அந்த முறைப்படி என்ன கிடைக்கும் என்று போட்டுப் பாருங்கள். பூஜ்யம் வர வேண்டும். அவள் கம்பெனி முறையில் ஜூலையின் 31 நாளையும் 800ஆல் பெருக்கினால் 24,800. வராத பெண் கம்பெனிக்கு 4,000 ரூபாய் கடன்பட்டு நிற்பாள்! எதிர்ப்பக்கமும் தப்பு நடக்கும். 31ஆல் வகுத்துவிட்டு ஞாயிறை விட்டு 27 வேலை நாளுக்கு மட்டும் பிடித்தால், மாதம் முழுக்க வராதவருக்கும் நான்கு ஞாயிறுக்கான 2,684 ரூபாய் போய்ச் சேரும்.

இந்தச் சோதனையில் 26உம் முழுசாகத் தேறாது என்பதைச் சொல்லியாக வேண்டும். அது வருடத்தின் சராசரி. அந்த ஜூலையில் ஞாயிறு நான்குதான், வேலை நாள் 27. ஒருவர் 31ஆம் தேதி வியாழக்கிழமை வேலையில் சேர்ந்தார் என்று வையுங்கள். வராத வேலை நாள் 26, பிடித்தம் 20,800. அன்று முழுக்க வேலை பார்த்தவருக்குச் சம்பளம் பூஜ்யம். இதைப் பார்த்து புதிதாகச் சேர்ந்த பையன்கள் திகைத்து நின்றதைக் கண்டிருக்கிறேன். மாதத்தின் பாதிக்கு மேல் இல்லாதவருக்குக் கழிக்கும் வழியில் போகாமல், வந்த நாளை எண்ணி நாளுக்கு 800 என்று கொடுப்பதே நியாயம்.

சட்டம் இதில் வாய்மூடி இருக்கவில்லை. 1936ஆம் ஆண்டு சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தின் 9ஆவது பிரிவு ஒரு உச்சவரம்பு வைத்தது. அந்தச் சம்பளக் காலத்தில் வேலை செய்ய வேண்டிய மொத்த நேரத்தில் எத்தனை பங்கு வரவில்லையோ, சம்பளத்தில் அத்தனை பங்குக்கு மேல் பிடிக்கக் கூடாது. அந்த ஜூலையில் இது மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்குப் பொருந்தியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பிலும் இதே விதி இருக்கிறது, அந்தச் சம்பள வரம்பு இல்லாமல்.

அவள் விஷயத்தில் 27 வேலை நாளில் 2 நாள் வரவில்லை. 20,800ஐ 27ஆல் வகுத்து 2ஆல் பெருக்கினால் 1,540 ரூபாய் 74 காசு. பிடித்ததோ 2,400. 26ஆல் வகுத்து வரும் 1,600 கூட இந்த வரம்பை 59 ரூபாய் தாண்டுகிறது. அதே இரண்டு நாள் 28 நாள் பிப்ரவரியில் என்றால் வேலை நாள் 24தான், வரம்பு 1,733 ரூபாய் வரை போகும். அப்போது 26ஆல் வகுப்பது தொழிலாளிக்குச் சாதகம்.

மணிக்கணக்குக்கும் இதே நியதிதான். 800ஐ எட்டால் வகுத்தால் மணிக்கு 100 ரூபாய். அவள் அலுவலகம் காலை 9 முதல் மாலை 5.30 வரை, நடுவில் ஒரு மணியிலிருந்து அரை மணி நேரம் சாப்பாடு. ஒருநாள் பர்மிஷன் சொல்லி மதியம் 2 மணிக்கு வந்தால் பிடிக்க வேண்டியது ஐந்து மணி நேரத்துக்கு அல்ல, நாலரை மணிக்கு. எட்டால் வகுத்தபோதே சாப்பாட்டு நேரத்தை வெளியே எடுத்தாயிற்று. எனக்கு மனசு பொறுக்காத பழக்கம் ஒன்று, மூன்று நாள் தாமதமாக வந்தால் அரை நாள் சம்பளம் வெட்டுவது. பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை என்றால் அரை மணி நேரம், 50 ரூபாய். வெட்டுவது 400. பஸ் தாமதத்துக்கு எட்டு மடங்கு விலை வைப்பதற்கு 9ஆவது பிரிவின் கணக்கில் இடமில்லை.

சம்பளம் குறைந்தால் அதிலிருந்து போகும் பிடித்தங்களும் குறைய வேண்டும் என்பதைப் பலர் பார்ப்பதில்லை. அவள் சம்பளத்தில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000. அதில் இரண்டு நாளுக்கு 1,000 போனால் பி.எஃப். 12 சதவீதம் 1,560லிருந்து 1,440 ஆக வேண்டும். ஈ.எஸ்.ஐ.யும் 156லிருந்து 144 ஆகும். ஆக 1,600 வெட்டினாலும் கைக்கு வருவதில் குறைவது 1,468தான். சீட்டில் பி.எஃப். பழையபடி 1,560 என்றே நின்றால் எங்கோ கணக்கை விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். சண்டை வேண்டாம், ஒரே ஒரு கேள்வி மட்டும் கேள் என்றேன்: "26ஆல வகுத்தீங்கன்னா ஞாயித்துக்கிழமைய எப்படீங்க எண்ணுனீங்க?"

ஆகஸ்ட் சீட்டில் அரியர் என்று ஒரு வரி வந்தது, 800 ரூபாய். மீதி 59 ரூபாயைக் கேட்கலாமா என்றேன். "இருக்கட்டுங்கண்ணா, பிப்ரவரில லீவு எடுத்துச் சரி பண்ணிக்கறேன்" என்றாள்.