பேக் காயும் பதினைந்து நிமிடம்

"ஃபேஷியலுக்கு ஏன் 400 ரூபாய்?" என்று சிறிய பியூட்டி பார்லர் நடத்துபவர்களைக் கேட்டால், "அடுத்த தெருவுல 450 வாங்குறாங்க, நான் 50 குறைச்சு வெச்சிருக்கேன்" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும். அடுத்த தெருக்காரருக்குச் சொந்தக் கட்டடமாக இருக்கலாம். அவர் விலையைப் பார்த்து நாம் விலை வைக்க முடியாது. நம் கையின் நிமிடத்துக்கு என்ன செலவு என்று தெரிந்தால்தான் விலை வைக்க முடியும்.

சின்ன ஊர் ஒன்றில் ஒரு பெண் தனியாளாக நடத்தும் பார்லரை எடுத்துக்கொள்வோம். வாடகை 8,000, கரண்ட், போன், துண்டு துவைக்கும் செலவு 4,000, நாற்காலியும் ஸ்டீமரும் வாங்கிய கடனுக்குத் தவணை 6,000. அவருக்கான சம்பளம் 18,000. இந்தக் கடைசித் தொகையைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மிச்சம் வந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள், மிச்சமும் வராது. ஆக மொத்தம் மாதம் 36,000. கடை 26 நாள் திறந்திருக்கிறது. நாள் முழுக்க ஷட்டர் திறந்திருந்தாலும் கையில் வேலை இருப்பது சராசரியாக நாலு மணி நேரம் என்றால், மாதத்துக்கு 104 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ரூபாய்.

இப்போது ஃபுரூட் ஃபேஷியலைப் பார்ப்போம். ஒரு மணி நேர வேலை, 360 ரூபாய். கிரீம், பேக், பஞ்சு எல்லாம் சேர்த்து 120. அடக்கமே 480 ஆகிறது. 400 வாங்கினால் ஒவ்வொரு ஃபேஷியலுக்கும் 80 ரூபாய் நஷ்டம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில், பேக் போட்டபின் அது காயும் பதினைந்து நிமிடம் கை சும்மா இருக்கிறது. அந்த இடைவெளியில் இன்னொருவருக்குப் புருவம் திரெட்டிங் செய்துவிட்டால், ஃபேஷியலுக்கு ஆகும் நேரம் 45 நிமிடம்தான். 270, அதோடு 120, மொத்தம் 390. இப்போது 400 கட்டுப்படியாகிறது. திரெட்டிங்கும் அப்படித்தான். தனியாகச் செய்தால் பத்து நிமிடத்துக்கு அடக்கம் 60, வாங்குவதோ 50. பேக் காயும் நேரத்தில் செய்தால், ஃபேஷியலில் மிஞ்சுவது அந்தக் குறையை ஈடுகட்டிவிடும்.

அப்பாயின்ட்மென்ட் என்பதே இந்த இடைவெளியை நிரப்பும் வேலைதான். "அக்கா, கூட்டமா இருக்கா?" என்று போன் வந்தால், "இல்லம்மா, வா" என்று சொல்லிவிடக் கூடாது. பதினோரு மணிக்கு ஃபேஷியல் இருந்தால், "பதினொன்றே முக்காலுக்கு வாம்மா, உடனே முடிச்சிடலாம்" என்று சொல்ல வேண்டும். நீண்ட வேலைகளைப் பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும் முற்பகலுக்குத் தள்ளி, மாலையை வேலைக்குப் போய்வரும் பெண்களுக்கு விட்டுவைக்கலாம். செவ்வாய், வெள்ளியில் முடி வெட்டிக்கொள்ளத் தயங்குபவர்கள் நிறைய. அந்த நாட்களை ஃபேஷியலுக்கு ஒதுக்கலாம். முகூர்த்த நாளில் மணப்பெண் அலங்காரத்துக்கு முன்பணம் வாங்காமல் தேதி தரவே கூடாது. அந்த நாளுக்காக வேறு எத்தனை பேரைத் திருப்பி அனுப்புகிறோம்!

இப்படி இரண்டு பேருக்கு நடுவே ஓடும்போது முதலில் விட்டுப்போவது சுத்தம். ஃபேஷியலிலிருந்து திரெட்டிங்குக்குப் போகும்போதும், திரும்பும்போதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நூலை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. நூல் நுனியைப் பல்லில் கடிக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. கழுத்தில் கட்டிக்கொண்டு செய்தால் எச்சில் படாது. வாக்ஸில் நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரியாதது: காலில் தடவிய குச்சியையே மறுபடி சூடான வாக்ஸில் விடுவது. அந்தச் சூடு கிருமியைக் கொல்லும் என்று நம்புகிறார்கள், கொல்லாது. ஒவ்வொரு தடவலுக்கும் புதுக் குச்சி எடுக்க வேண்டும், அல்லது ஒருவருக்கு வேண்டியதைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். நீல விளக்குப் பெட்டியையும் அதிகம் நம்ப வேண்டாம். அழுக்கோடு வைத்த ட்வீசர் அதில் சுத்தமாகாது. முதலில் சோப்பில் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியில் குறிப்பிட்ட நேரம் ஊறவைக்க வேண்டும்.

வாக்ஸ் போடுமுன் "பருவுக்கு ஏதாவது கிரீம் போடுறீங்களா?" என்று கேட்பது அவசியம். ரெட்டினாய்டு வகைக் கிரீம் போடுபவர்களுக்கு வாக்ஸோடு தோலும் உரிந்து வரலாம். ஹேர் டை போடுவதற்கு 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி, அரிப்போ தடிப்போ வருகிறதா என்று பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு முதல் நாள் வந்து முதன்முறையாக பிளீச் கேட்பவரிடம் முடியாது என்று சொல்வதே நல்லது. அன்று போகும் வருமானம் சின்னது. சிவந்து தடித்த முகத்தோடு அந்தப் பெண் மேடையில் நின்றால், மண்டபத்துக்கு வந்தவர் யாரும் இந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

வந்தவர் திரும்பி வர, ஆறாவது ஃபேஷியல் இலவசம் என்று அட்டை போடுவதைவிட ஒரு நோட்டு நல்ல பலன் தரும் என்பது என் கருத்து. தள்ளுபடி கொடுத்துப் பழக்கினால், அடுத்த தள்ளுபடி வரை ஆட்கள் காத்திருப்பார்கள். நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம்: வந்த தேதி, ஹேர் கலரின் ஷேடு எண், டெவலப்பர் எத்தனை வால்யூம், எவ்வளவு நேரம் வைத்தது, எந்த கிரீம் எரிந்தது, புருவத்தை மெலிதாகக் கேட்டாரா. புருவம் மூன்று, நாலு வாரத்தில் வளர்ந்துவிடும் என்பதால், தேதியைப் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினால் போதும். "புதன்கிழமை பதினொன்றே முக்காலுக்கு இடம் இருக்கு, வர்றீங்களா?" என்று நேரத்தையும் சேர்த்துக் கேட்டால், அன்றைய ஃபேஷியலின் பேக் காயும் நேரமும் நிரம்பிவிடும்.