கர்டரின் விலா எலும்புகள்

ரயில் பாலத்தின் இரும்பு கர்டரைப் பக்கவாட்டில் பார்த்தால், செங்குத்தான பட்டைகள் வரிசையாக வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். இவை ஸ்டிஃபனர்கள். மேலே ஒரு ஃபிளேஞ்ச், கீழே ஒரு ஃபிளேஞ்ச், நடுவில் மெல்லிய வெப் தகடு என்று அமைந்த கர்டரில், அந்தத் தகடு நெளியாமல் காப்பது இவற்றின் வேலை.

பாரத்தைத் தாங்குமிடத்துக்குக் கொண்டுசேர்க்கும் வெட்டு விசை முழுவதும் வெப்பின் வழியாகத்தான் செல்கிறது. அது தகட்டை ஒரு மூலைவிட்டத்தில் இழுக்கும், மற்றதில் அமுக்கும். அமுக்கம் மிகுந்தால், இரும்பின் வலிமை தீரும் முன்பே தகடு சாய்வான அலைகளாக நெளியும். ஒரு காகிதத்தின் மேல், கீழ் விளிம்புகளைப் பிடித்து எதிரெதிராக நகர்த்தினால் இதே சுருக்கம் விழும்.

ஒரு கணக்கு பார்ப்போம். கர்டர் நீளம் 20 மீட்டர். வெப்பின் ஆழம் 1,500 மி.மீ., தடிமன் 10 மி.மீ., இரும்பின் நெகிழ்வு வலிமை 250 மெகாபாஸ்கல். சீரான பாரம் ஏற்றப்படும்போது முனையில் வரும் வெட்டு விசை 950 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 97 டன்.

நெளிவே இல்லையென்றால் இந்த வெப் 1,970 கிலோநியூட்டன் வரை தாங்கும். ஆனால் ஆழம் தடிமனைப் போல் 150 மடங்கு. இடையில் ஸ்டிஃபனர் இல்லாவிட்டால், IS 800:2007 விதிப்படி பாதுகாப்புக் காரணியையும் சேர்த்து, தாங்குதிறன் 586-க்கு இறங்கிவிடுகிறது. போதாது. 1,500 மி.மீ.க்கு ஒரு ஸ்டிஃபனர் வைத்தால், ஒவ்வொரு கட்டமும் சதுரமாகி, அலை விரிய இடம் குறைகிறது. திறன் 1,024 ஆகிறது. இது போதும்.

முனையிலிருந்து நடுவை நோக்கிப் போகப்போக வெட்டு விசை குறைகிறது. இந்தக் கர்டரில் 3.8 மீட்டருக்கு அப்பால் அது 586-க்குக் கீழே வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முனையிலும் 1.5, 3, 4.5 மீட்டரில் ஒரு ஜோடி வீதம் வைத்தால் வெட்டு விசைக்குப் போதுமானது. தாங்குமிடங்களில் பாரத்தை இறக்கும் ஸ்டிஃபனர்கள் தனி.

பட்டை மெலிந்திருந்தால் தகட்டோடு சேர்ந்து அதுவும் வளைந்துவிடும். ஆகவே அதன் விறைப்பையும் சோதிக்க வேண்டும். இங்கே வெப்பின் இருபுறமும் 80 மி.மீ. அகலம், 8 மி.மீ. தடிமன் உள்ள பட்டைகள், விதி கேட்பதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விறைப்பைத் தருகின்றன. வெளிப்பாரம் தாங்காத இடைப் பட்டைகள் இழுவிசைப் பக்கத்து ஃபிளேஞ்சைத் தொட வேண்டியதில்லை. ஆனால் அங்குள்ள வெல்டிங் கோட்டிலிருந்து விடும் இடைவெளி வெப்பின் தடிமனைப் போல் 4 மடங்கை, இங்கே 40 மி.மீ.யை, மீறக் கூடாது.

ஸ்டிஃபனர் வேண்டாம் என்றால் வெப்பை 12 மி.மீ. ஆக்கலாம். அதற்கு 470 கிலோ இரும்பு கூடுதலாகும். இந்தப் பட்டைகளுக்கோ சுமார் 90 கிலோ போதும். வெல்டிங் கூலி மிச்சமாகும் 380 கிலோ இரும்பின் விலையை விழுங்காத வரை, மெல்லிய வெப்பும் ஸ்டிஃபனரும்தான் லாபம்.